சரக்கு மாஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்கச் சமையல் சோதனை: என்ன செய்யச் சொல்வது, எவ்வளவு நேரம், எப்படி மார்க்?

கரூர்_செந்தில்

வணக்கம். கரூரில் 40 பேர் உட்காரும் சைவ ஓட்டல் நடத்துகிறேன். மதியச் சாப்பாடுதான் எங்களுக்கு முக்கியம், நாளைக்குச் சுமார் 120 சாப்பாடு போகும். இப்போது அடுப்படியைப் பார்க்கும் சரக்கு மாஸ்டர் மாதக் கடைசியில் ஊருக்கே போகிறார். அந்த இடத்துக்கு மூன்று பேர் கேட்டு வந்திருக்கிறார்கள். மூவருக்கும் அனுபவம் இருக்கிறது, பேச்சும் நன்றாக இருக்கிறது. அதை மட்டும் வைத்து ஆள் எடுக்க மனம் வரவில்லை.

ஆளுக்கு ஒரு நாள் அடுப்படியை முழுசாக ஒப்படைத்து, சாப்பிட வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். தொழிலில் கூட்டாக இருக்கும் என் மச்சான், "அவரவருக்குக் கைவந்த ஒன்றைச் செய்யச் சொல், சாப்பிட்டால் தெரிந்துவிடும்" என்கிறார். ஆள் எடுத்துப் பழகியவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ருசிப்பிரியன்_மதுரை

கைவந்ததைச் செய்யச் சொன்னால் மூவருமே அசத்திவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. என் கணக்கு வேறு. என்ன சமைக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லக் கூடாது. ஆள் வந்ததும் அன்றைக்குச் சந்தையில் வந்த காய்களைக் கொடுத்து "இதை வைத்து ஒரு சாப்பாடு போடு" என்று சொல்லுங்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். திணறாமல், வேகமாக முடிக்கிறவர்தான் நிஜ மாஸ்டர்.

கோமதி_கேட்டரிங்

தம்பி செந்தில், நான் ஆஸ்பத்திரி கேன்டீன், கல்லூரி மெஸ், கல்யாண மண்டபம் என்று பல சமையல் கூடங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு வழிகளிலும் ஒரே கோளாறுதான். மூன்று பேரை ஒப்பிட முடியாது.

ஆளுக்கு ஒரு நாள் என்று விட்டால் முதல் நாள் கத்தரிக்காய் பிஞ்சாக இருக்கும், அடுத்த நாள் முற்றலாக இருக்கும். ஒரு நாள் 90 சாப்பாடு போகும், ஒரு நாள் 140 போகும். பந்தியில் சாப்பிடுகிறவர் "நன்றாக இருந்தது" என்று சொல்வது ரசத்தையா, அப்பளத்தையா, பரிமாறியவரின் முகத்தையா என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு, ஒருவர் சொதப்பினால் அந்த நாள் வாடிக்கையாளர் உங்களைத்தான் திட்டிவிட்டுப் போவார்.

ருசிப்பிரியன் சொன்னதில் பாதி சரி. கைவந்த பண்டம் வேண்டாம் என்பது ரொம்பச் சரி. ஆனால் உங்கள் மாஸ்டர் தினமும் புதுசு புதுசாகக் கண்டுபிடிக்கப் போகிறாரா? அதே சாம்பார், அதே பொரியல், அதே ரசம், 12 மணிக்குத் தயாராக, நேற்று இருந்த மாதிரியே. அந்த வேலையைத்தான் சோதிக்க வேண்டும்.

நான் வைப்பது இப்படி. 25 பேருக்கு சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், ரசம். மூன்றே பண்டம். சாம்பார் 4 லிட்டர், துவரம்பருப்பு 500 கிராம். ரசம் 3 லிட்டர். கோஸ் 2 கிலோ. இது முந்தின நாளே மூவருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. பருப்பு, புளி, சாம்பார் பொடி எல்லாம் ஒரே மூட்டையிலிருந்து நிறுத்து மூன்று பங்காக வைத்துவிடுங்கள். பழைய துவரம்பருப்பு லேசில் கரையாது. உப்பான போர் தண்ணீரிலும் பருப்பு வேக நேரமாகும். ஒருவருக்கு நல்ல பருப்பும் வாட்டர் கேன் தண்ணீரும், இன்னொருவருக்கு அடிமூட்டைப் பருப்பும் போர் தண்ணீரும் அமைந்தால் நீங்கள் ஆளைச் சோதிக்கவில்லை, பருப்பைத்தான் சோதிக்கிறீர்கள்.

புளி, உப்பு, பொடி மூன்றையும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும். அப்போதுதான் அவர் எடுத்தது எவ்வளவு, மீதம் எவ்வளவு என்று கடைசியில் நிறுத்துப் பார்க்க முடியும்.

மாஸ்டர்_முருகேசன்

நான் அடுப்பு முன்னால் நின்று பிழைக்கிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆள் எடுக்கிறேன் என்று கூப்பிட்டு, காலையிலிருந்து மூணு மணி வரைக்கும் பந்திக்குச் சமைக்க வைத்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் கடை ஓடிவிடும் இல்லையா? அதனால் முதலில் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கொடுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுங்கள். அதை வரும் முன்னாலேயே போனில் சொல்லிவிடுங்கள். அந்தச் சாப்பாட்டைப் பந்தியில் காசுக்குப் போடாதீர்கள்.

அடுத்தது, புது அடுப்படியில் காஸ் எவ்வளவு வேகம் என்று தெரியாது. கடுகு எங்கே, கரண்டி எங்கே, எந்தப் பாத்திரம் அடி கனம், எது மெல்லிசு என்று தெரியாது. தெரியாத இடத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் இருபது வருஷ மாஸ்டரும் தடுமாறத்தான் செய்வார். பொருள் தேடுகிற நேரத்தை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

கோமதி_கேட்டரிங்

முருகேசன் அண்ணன் சொன்னது அத்தனையும் நியாயம். நேரத்தை நான் மூன்றாகப் பிரித்து வைப்பேன். முதல் 15 நிமிஷம் சுற்றிப் பார்க்க. அடுப்பைப் பற்ற வைத்துப் பார்க்கட்டும், டப்பாக்களைத் திறக்கட்டும், பொடியை வாயில் போட்டுப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். அதற்கு மார்க் கிடையாது. அப்புறம் 90 நிமிஷம் சமையல். கடைசி 15 நிமிஷம் மேடையைச் சுத்தம் செய்ய.

குக்கர் கொடுத்தால்தான் 90 நிமிஷம் போதும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கொடுங்கள். உங்கள் கடையில் எது வழக்கமோ அதையே கொடுங்கள், ஆனால் மூவருக்கும் ஒன்றே.

யார் முதலில் முடித்தார் என்பதற்கு மார்க் கொடுக்க மாட்டேன். 60 நிமிஷத்தில் முடித்துவிட்டு சாம்பாரை ஆற விடுகிறவரால் உங்களுக்கு என்ன லாபம்? 90-வது நிமிஷம் மூன்றும் சூடாக, ஒரே நேரத்தில் மேடைக்கு வர வேண்டும். 5 நிமிஷம் முன்னே பின்னே இருந்தால் முழு மார்க். அதற்கு மேல் ஒவ்வொரு 5 நிமிஷத் தாமதத்துக்கும் ஒன்று குறையும். 20 நிமிஷத்துக்கு மேல் முந்தி இறக்கி வைத்தாலும் ஒன்று குறையும்.

வேகத்தைவிட வேலை வரிசை நிறையச் சொல்லும். முதல் பத்து நிமிஷம் மட்டும் கவனித்துப் பாருங்கள். தெரிந்த ஆள் கத்தியைத் தொடும் முன் பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிடுவார், புளியை ஊறப் போட்டுவிடுவார், அப்புறம்தான் கோஸ் பக்கம் போவார். காயை எல்லாம் அழகாக நறுக்கி முடித்துவிட்டுப் பருப்பைத் தேடுகிறவருக்கு நேரம் போதாது. அப்போது பருப்பு முழுசாக மசியும் முன்னாலேயே புளியை ஊற்றுவார். புளிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பு அதற்கு மேல் லேசில் வேகாது. சாம்பார் பரிமாறும்போது தண்ணீர் மேலே, பருப்பு கீழே என்று பிரிந்து நிற்கும்.

லதா_மயிலாடுதுறை

எனக்கும் இதே பிரச்சினைதான். அம்மாவுக்குச் சர்க்கரை, வீட்டோடு சமைக்க ஓர் அம்மாவைத் தேடுகிறோம். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இந்த மாதிரி 25 பேர் சாம்பார் எல்லாம் வைத்துப் பார்ப்பது தேவையா? நான் ஒரு வேளை சமைக்கச் சொன்னேன். ஒருவர் ருசியாகச் செய்தார், ஆனால் எண்ணெய் மிதந்தது. இன்னொருவர் செய்தது சுமார்தான், ஆனால் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் "அம்மாவுக்கு உப்பு எவ்வளவு போடலாம், பல் எப்படி இருக்கிறது" என்று கேட்டார்.

கோமதி_கேட்டரிங்

லதா, செந்தில் கேட்பது ஓட்டல் வேலைக்கு. உங்களுக்கு 25 பேர் கணக்கு வேண்டாம். அம்மா சாப்பிடும் அளவில், ஒரு வேளைக்கு எண்ணெய் இத்தனை ஸ்பூன் என்று அளந்து கொடுத்துவிட்டு அதற்குள் செய்யச் சொல்லுங்கள். கேள்வி கேட்டவரை இன்னொரு முறை கூப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கரூர்_செந்தில்

அக்கா, அண்ணே, நன்றி. கூலி கொடுப்பதில் சிக்கல் இல்லை. செய்த சாப்பாட்டை எங்கள் வேலையாட்களுக்கே போட்டுவிடலாம்.

எனக்கு இடிக்கிற இடம் மார்க் போடுவதுதான். நான், மச்சான், எங்கள் சீனியர் சப்ளையர் மூவரும் ருசி பார்ப்போம். மச்சானுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாம்பார்தான் சாம்பார். வந்த மூவரில் ஒருவர் கும்பகோணத்துக்காரர். பார்க்கும் முன்னாலேயே அவருக்கு மார்க் விழுந்துவிடும்.

ஆய்வகம்_பாலா

உணவுப் பொருள் கம்பெனியில் ருசி சோதனை நடத்துவது என் வேலை. இதற்கு வழி சுலபம். ருசி பார்க்கிறவர்களுக்கு யார் செய்தது என்று தெரியவே கூடாது.

சமைக்கும்போது உள்ளே நின்று கவனிக்கிறவர் ஒருவர், ருசி பார்க்கிறவர்கள் வேறு. உள்ளே நிற்பவர் ருசிக்கு மார்க் போடக் கூடாது, ஏனென்றால் சுத்தமாக வேலை செய்கிறவரின் சாம்பார் அவருக்குத் தானாகவே கூடுதலாக ருசிக்கும். ஒரே மாதிரி கிண்ணங்களில் ஊற்றி, அடியில் ஒரு மூன்று இலக்க எண் எழுதுங்கள். 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ எழுதாதீர்கள், முதல் எண்ணுக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

மூன்றையும் ஒரே சூட்டில் பார்க்க வேண்டும். ஆறிய சாம்பாரில் உப்பும் புளிப்பும் வேறு மாதிரி தெரியும். ஒருவருடையது அடுப்பிலிருந்து, இன்னொருவருடையது அரை மணி நேரம் கழித்து என்றால் ஒப்பீடே இல்லை. மூவரும் ஒரே நேரத்தில் சமைக்க இடமில்லாவிட்டால் ஒவ்வொருவருடையதையும் மூடி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்திருந்து ஒன்றாகப் பரிமாறுங்கள்.

மூன்று பேரும் ஒரே வரிசையில் ருசி பார்க்கக் கூடாது. காரமான ஒன்றுக்குப் பிறகு வருவது எப்போதும் சப்பென்று இருக்கும். நீங்கள் ஒன்றில் தொடங்கினால் மச்சான் இரண்டாவதில் தொடங்கட்டும், சப்ளையர் மூன்றாவதில். நடுவில் வெறும் சோறு ஒரு வாய், தண்ணீர் ஒரு மடக்கு. எழுதி முடிக்கும் வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. "ஆகா" என்று ஒருவர் சொன்னாலே மற்ற இருவரின் பேனா நகர்ந்துவிடும்.

மாஸ்டர்_முருகேசன்

பெயரை மறைத்தால் மட்டும் போதாது தம்பி. கும்பகோணத்துக்காரர் சாம்பாரை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். எந்த மாதிரி சாம்பார் வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவரவர் ஊர்ச் சாம்பாரைத்தான் வைப்பார்கள். அது தப்பா?

கோமதி_கேட்டரிங்

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. அதற்காகத்தான் சுற்றிப் பார்க்கும் அந்த 15 நிமிஷத்தில் கடையின் அன்றைய சாம்பாரை ஒரு கிண்ணம் கொடுத்து, "இது மாதிரி வேண்டும்" என்று சொல்லச் சொல்வேன். இப்போதுள்ள மாஸ்டர் இருக்கும்போதே சோதனையை வைத்துவிடுங்கள். சாப்பிட்டுப் பார்த்து அதைப் பிடிக்கிற நாக்கு இருக்கிறதா என்பது ஓட்டல் வேலையில் பெரிய விஷயம். ருசி பார்க்கிறவர்கள் முன்னாலும் அதே சாம்பார் ஒரு கிண்ணம் இருக்கட்டும். கேள்வி "எது பிடித்தது?" என்று இருக்கக் கூடாது, "எது இதற்குக் கிட்ட வருகிறது, எங்கே தவறுகிறது?" என்று இருக்க வேண்டும். மச்சானின் தஞ்சாவூர்ப் பாசத்துக்கு அப்போது இடம் குறையும்.

மார்க் 1 முதல் 5 வரை, அரை மார்க்கும் போடலாம். ஆனால் 5 என்றால் என்ன, 3 என்றால் என்ன என்று முன்னாலேயே எழுதி வையுங்கள். சாம்பாருக்கு நான் எழுதுவது இது. பருப்பு கரைந்து, 20 நிமிஷம் வைத்தாலும் பிரியாமல், உப்பு புளி காரம் மூன்றும் மாதிரிக்குப் பக்கத்தில், காய் உருவம் குலையாமல் இருந்தால் 5. ஏதோ ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கிறது, ஆனால் அடுப்படியிலேயே சரி செய்துவிடலாம் என்றால் 3. புளியோ பொடியோ பச்சை வாடை அடித்தால், பருப்பு பல்லில் கடிபட்டால் 1. இடையில் இருப்பது 2, 4.

சுத்தத்துக்கு மார்க் வேண்டாம், அது வாசல். ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விட்டாலோ, முகத்தைத் துடைத்த கையை அல்லது போனைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொட்டாலோ ஒரு முறை சொல்லுங்கள். இரண்டாவது முறையும் செய்தால் மற்ற மார்க் எதுவும் பார்க்க வேண்டாம். இந்த விதியையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ருசிப்பிரியன்_மதுரை

இவ்வளவு அளந்தால் கைப்பக்குவம் எங்கே போகும்? ஓட்டலுக்கு ஆள் திரும்பி வருவது ருசிக்காகத்தான். நூற்றுக்கு எழுபதாவது ருசிக்குக் கொடுங்கள்.

கோமதி_கேட்டரிங்

ருசிக்கு 40, வேலை ஒழுங்குக்கு 25, நேரத்துக்கு 20, அளவுக்கும் வீணுக்கும் 15. இது என் பங்கீடு. வேறு கடைக்கு வேறு பங்கீடு பொருந்தலாம், சண்டை போட மாட்டேன். ஒன்று மட்டும் கட்டாயம். முதல் ஆள் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் பங்கீட்டை எழுதி, நீங்களும் மச்சானும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கரூர்_செந்தில்

சோதனை முடிந்தது. மூவரையும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராக வைத்தோம். அக்காவின் பங்கீட்டையே எடுத்துக்கொண்டோம். உள்ளே நின்று பார்த்தது எங்கள் பழைய மாஸ்டர். பாலா சொன்ன மாதிரி கிண்ணத்தின் அடியில் எண் எழுதினோம். சுத்தத்தில் ஒருவருக்கு ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது, அப்புறம் சரியாக இருந்தார்.

மார்க் ஐந்துக்கு, மூன்று பண்டத்துக்கும் சேர்த்துச் சராசரி. மொத்தம் பங்கீட்டின்படி நூற்றுக்கு. கும்பகோணத்துக்காரருக்கு ருசி 4.5, வேலை ஒழுங்கு 3, நேரம் 3, அளவு 2. மொத்தம் 69. திண்டுக்கல்லிலிருந்து வந்தவருக்கு ருசி 3.5, ஒழுங்கு 5, நேரம் 4, அளவு 4. மொத்தம் 81. உள்ளூர்க்காரருக்கு 4, 4, 3, 4. மொத்தம் 76.

கும்பகோணத்துக்காரர் செய்த ரசம் உண்மையிலேயே எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் சாம்பார் 4 லிட்டர் கேட்ட இடத்தில் 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் நின்றது, கோஸில் ஒரு பங்கு குப்பைக்குப் போயிருந்தது. திண்டுக்கல்காரர் பருப்பை ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார், வெந்த பருப்பின் தெளிந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைத்தார், 90-வது நிமிஷமே வேலை செய்த மேடை சுத்தமாக இருந்தது. சாம்பாரில் காரம் மட்டும் தூக்கல்.

மச்சான் உட்கார்ந்து, ருசிக்கு 70, மற்ற மூன்றுக்கும் பத்துப் பத்து என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கும்பகோணத்துக்காரர் 79, உள்ளூர் 78, திண்டுக்கல் 75. அப்படியே தலைகீழ். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன், கோபித்துக்கொண்டார்.

ஆய்வகம்_பாலா

செந்தில், 81-க்கும் 76-க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பேர் ருசி பார்க்கிற இடத்தில், ஒருவர் தன் மார்க்கை ஒன்று மாற்றினாலே மொத்தத்தில் 2.7 நகரும். இரண்டு பேர் மாற்றினால் இந்த 5 மார்க் இருக்காது. முதல் இருவரை இன்னொரு நாள் கூப்பிட்டு, அதே சாம்பாரை மட்டும் செய்யச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் மார்க்குக்கும் இரண்டாம் நாள் மார்க்குக்கும் உள்ள தூரம்தான் உங்களுக்கு வேண்டியது.

கோமதி_கேட்டரிங்

கூப்பிடும்போது அளவை இரட்டிப்பாக்கி, 8 லிட்டர் வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அப்படியே இரண்டால் பெருக்குகிறவரின் சாம்பார் தண்ணீராக நிற்கும். பெரிய பாத்திரத்தில் அளவு இரண்டு மடங்கானாலும் ஆவியாகப் போகும் தண்ணீர் இரண்டு மடங்காகாது. தெரிந்தவர் தண்ணீரைக் குறைத்துத் தொடங்குவார், உப்பையும் முதலில் கொஞ்சம் பிடித்து வைத்துக் கடைசியில் சரிபார்ப்பார். 120 சாப்பாட்டுக்கு ஆள் எடுக்கும்போது இதைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாம் நாளுக்கும் கூலி உண்டு, மறக்காதீர்கள்.

மாஸ்டர்_முருகேசன்

கும்பகோணத்துக்காரரிடம் எங்கே குறைந்தது என்று சொன்னீர்களா? அளவு குறைந்ததுதான் காரணம் என்று தெரிந்தால் அடுத்த இடத்தில் சரி செய்துகொள்வார். "சொல்லி அனுப்புகிறோம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கரூர்_செந்தில்

சொல்லிவிட்டேன் அண்ணே. மார்க் தாளையே காட்டினேன். வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகியவராம், வற்ற விட்டுத்தான் இறக்குவாராம்.

இரண்டாம் நாள் 8 லிட்டரில் திண்டுக்கல்காரருக்கு ருசி மறுபடியும் 3.5, காரம் இந்த முறை சரியாக இருந்தது, உப்பு ஒரு துளி குறைவு. உள்ளூர்க்காரரின் சாம்பார் நீர்த்துவிட்டது, 3-தான் வந்தது. திண்டுக்கல்காரரை ஒரு மாதம் பார்ப்பதாக எடுத்திருக்கிறோம். பழைய மாஸ்டர் போகும் முன் பத்து நாள் கூட நின்று பழக்கிவிடுகிறேன் என்றார். மச்சான் இன்னும் அந்த ரசத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

ருசிப்பிரியன்_மதுரை

மச்சான் பக்கம்தான் நான். ஒழுங்கைப் பழக்கிவிடலாம், 4.5 நாக்கைப் பழக்க முடியாது.

மாஸ்டர்_முருகேசன்

அளவைப் பழக்குவதும் லேசில்லை தம்பி. கண் அளவு ஒருமுறை படிந்துவிட்டால் மாற வருஷக்கணக்காகும். ரசம் மட்டும் வேண்டுமென்றால் அவரை விசேஷ நாட்களுக்குக் கூப்பிடுங்கள், வருவார்.